காற்றுக்குழாய் வடிவமைப்புக் குறிப்பைத் தமிழாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மண்டபத்துக்குப் பொறியாளர் கொடுத்த குறிப்பு ஆங்கிலத்தில் பல பக்கம் இருக்கிறது. முழுவதையும் தமிழில் எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை. தமிழ்ப்படியை யார் கையில் எடுத்துக்கொண்டு வேலை செய்யப் போகிறார்கள் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் அந்த வாசகர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். பட்டறையில் தகரம் வெட்டி மடிக்கும் தொழிலாளர்களில் தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழ் எழுத்து சரளம், ஆங்கிலப் பத்தி சரளமில்லை. மண்டபக் குழுவில் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பெரியவர்கள் இருப்பார்கள். பணத்துக்குக் கையொப்பமிடுபவர்கள் அவர்களே. மூன்றாமவர் மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர். எல்லாரும் போன பிறகு வடிகட்டியைக் கழற்றிக் கழுவப் போகிறவர் அவர்தான்.

இந்த மூவருக்கும் உராய்வுக் கணக்கு அட்டவணை தேவைப்படாது. அமைப்பின் விளக்கம், விசிறியின் தேவை, குழாய் அளவுகள், குழாய்க்குள் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடுகளான டேம்பர்கள், ஓட்டிப் பார்க்கும் முறை ஆகியவை தேவைப்படும். அந்தப் பகுதிகளை ஒரு சொல்லும் விடாமல் தமிழாக்கி, கணக்குப் பக்கங்களை மூலத்திலேயே விட்டு, எந்தப் பக்கம் விடப்பட்டது என்று முகப்பில் எழுதுங்கள்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளெல்லாம் ஒரே அமைப்பைப் பற்றியவை. ஒரு திருமண மண்டபத்தில் விசிறி ஒன்று வெளிக்காற்றை வடிகட்டி வழியாக இழுத்து, வினாடிக்கு 900 லிட்டர் உள்ளே தள்ளுகிறது. சாப்பாட்டுக் கூடத்தின் கிழக்குப் பக்கத்துக்கு 350, மேற்குப் பக்கத்துக்கு 350, கோடியில் இருக்கும் மணமக்கள் ஒப்பனை அறைக்கு 200 என மூன்று கிளைகளாக அது பிரிகிறது.

'ஏர்ஃப்ளோ' என்பதற்குக் 'காற்றோட்டம்' என்று எழுதினால் போதாதா?

போதாது. 'வெண்டிலேஷன்' என்பதற்கும் நமக்கு அதே சொல்தான் வாயில் வருகிறது. "அறையில் காற்றோட்டம் இல்லை" என்று சொல்லும்போது புழுக்கத்தைச் சொல்கிறோமே தவிர, வினாடிக்கு இத்தனை லிட்டர் என்ற அளவைச் சொல்வதில்லை. ஒரே குறிப்பில் இரண்டு பொருளுக்கும் ஒரே சொல் வந்தால், "காற்றோட்டம் போதாவிட்டால் டேம்பரைத் திறக்கவும்" என்ற வரியைப் படிப்பவர் தன் உடம்பில் படும் புழுக்கத்தை வைத்து முடிவெடுப்பார். மூலம் சொல்வதோ கருவியில் தெரியும் எண்ணை வைத்து முடிவெடுக்க.

ஆகவே 'காற்றோட்டம்' என்பதை அமைப்பு முழுவதையும் குறிக்கும் சொல்லாக மட்டும் வைத்துக்கொண்டு, குழாய்க்குள் ஓடும் காற்றுக்குக் 'காற்றுப் பாய்வு' என்றும், எண்ணோடு வரும் இடத்தில் 'பாய்வளவு' என்றும் எழுதுகிறேன். 'வேகம்' என்பது வேறு. குழாய் குறுகினால் பாய்வளவு மாறாமலே வேகம் கூடும். இந்த மண்டபத்தின் தலைமைக் குழாய் 450க்கு 400 மில்லிமீட்டர், பரப்பு 0.18 சதுர மீட்டர். அதில் வினாடிக்கு 900 லிட்டர் போனால் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். பாய்வளவு எழுத வேண்டிய இடத்தில் 'காற்றின் வேகம் 900' என்று எழுதிய ஒரு தமிழ்ப்படியைப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்த பட்டறைக்காரர் விசிறியின் சுழற்சியைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டதில் அவர் தவறு எதுவுமில்லை.

அலகையும் கவனியுங்கள். வினாடிக்கு 900 லிட்டர் என்பதும் மணிக்கு 3240 கன மீட்டர் என்பதும் ஒன்றே. கடைக்காரர் சொல்லும் சிஎஃப்எம் கணக்கில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில், அது ஏறத்தாழ 1907. மூலத்தில் உள்ள அலகை மாற்றாமல் எழுதி, வாங்கப் போகிறவருக்காக மற்ற இரண்டையும் ஒரே ஓர் இடத்தில், விசிறிப் பத்தியில் மட்டும், பக்கத்தில் கொடுங்கள். பல இடங்களில் மாற்றிக் கொடுத்தால் எங்காவது ஓர் எண் பிழையாகிவிடும்.

'ஸ்டேட்டிக் பிரஷர்' என்பதை 'நிலையான அழுத்தம்' என்று எழுதியிருக்கிறேன். அகராதியிலும் அப்படித்தானே இருக்கிறது?

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். 'நிலையான' என்றால் நம் காதில் 'மாறாத' என்றுதான் விழுகிறது. நிலையான வருமானம், நிலையான விலை என்றெல்லாம் சொல்கிறோம். அதே காதோடு 'நிலையான அழுத்தம் 210 பாஸ்கல்' என்று படிப்பவர், அழுத்தம் எப்போதும் 210 இருக்கும், நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அந்த அழுத்தம் குழாயின் ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறாக இருக்கும். வடிகட்டியில் தூசு ஏற ஏற அதன் இரு பக்கமும் மாறிக்கொண்டே வரும். அந்தப் பெயர் மாறாமையைக் குறித்து வந்ததே இல்லை. காற்று ஓடினாலும் ஓடாவிட்டாலும் குழாயின் சுவரைச் செங்குத்தாகத் தள்ளும் அழுத்தம் அது. காற்று ஓடுவதால் ஓடும் திசையில் மட்டும் கூடுதலாக உண்டாவதை வேக அழுத்தம் என்கிறோம்.

'நிலையழுத்தம்' என்று சேர்த்து எழுதுங்கள். 'ஆன' என்ற அந்த இடைச்சொல்லை எடுத்துவிட்டாலே அது ஒரு பெயராகிவிடுகிறது. வாசகர் அடைமொழியாகப் பிரித்துப் பொருள் கொள்ள இடமிருக்காது. முதல்முறை வரும் இடத்தில் "நிலையழுத்தம் என்பது குழாய்ச் சுவரின்மீது காற்று செங்குத்தாகத் தரும் அழுத்தம்; இது இடத்துக்கு இடம் மாறும்" என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இந்தப் பிழையின் விலையை நான் நேரில் பார்த்தேன். மேலே சொன்ன மண்டபத்தின் முதல் தமிழ்ப்படியை வேறொருவர் செய்திருந்தார். அதில் விசிறி வரி இப்படி இருந்தது: "விசிறி வினாடிக்கு 900 லிட்டர், நிலையான அழுத்தத்தில்." அழுத்தம் மாறாது என்றால் அதற்கு எண் எதற்கு என்று 210 என்பதையே விட்டுவிட்டார்கள். குழுவினர் 900 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்ட சுவர் விசிறியை நல்ல விலைக்கு வாங்கினார்கள். அந்த 900, விசிறிக்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் திறந்தவெளியில் சுழலும்போது கிடைப்பது. வடிகட்டி, வளைவு, குழாய் எல்லாவற்றையும் மாட்டி ஓட்டியபோது மூன்று கிளைகளிலும் சேர்த்து வந்தது 600 லிட்டர். ஒப்பனை அறையில் மணப்பெண்ணின் நெற்றியில் பொட்டு நிற்கவில்லை என்று வந்த புகார்தான் முதல் அறிகுறி.

அன்று நாங்கள் ஒரு மெல்லிய ஒளிபுகும் குழாயை 'ப' வடிவில் வளைத்துப் பலகையில் கட்டி, அதில் மஞ்சள் கலந்த தண்ணீரை ஊற்றி, ஒரு முனையை விசிறிக்கு முன்னால் வடிகட்டிக்குப் பின்னாலும் மறு முனையை விசிறிக்கு அப்பாலும் குழாய்ச் சுவரில் இட்ட சிறு துளைகளில் பொருத்தினோம். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் வித்தியாசம் 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 9.81 பாஸ்கல், ஆக, விசிறி தந்தது சுமார் 62 பாஸ்கல். குறிப்பு கேட்ட 210 பாஸ்கல் இருந்திருந்தால் தண்ணீர் 21 மில்லிமீட்டர், கட்டைவிரல் அகலம், ஏறி நின்றிருக்கும்.

62 என்ற எண் கணக்கோடும் பொருந்துகிறது. 210 பாஸ்கல் என்பது வடிகட்டி அழுக்கேறிய நிலைக்கானது. புது வடிகட்டியோடு 900 லிட்டர் ஓடியிருந்தால் தடை 140 பாஸ்கல்தான். இத்தகைய குழாயில் தடை, பாய்வளவின் வர்க்கத்தை ஒட்டி மாறும். பாய்வு மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தால் தடை ஒன்பதில் நான்கு பங்காகும். 140இல் ஒன்பதில் நான்கு பங்கு 62.

அப்படியானால் அந்த விசிறி வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

ஆங்கிலத்தில் '900 அட் 210' என்ற அமைப்பில் வந்த வேற்றுமையைத் தமிழில் 'இல்' உருபால் எழுதினால் பொருள் தொலைந்துபோகிறது. 'எதிர்த்து' என்று எழுதுங்கள்: "விசிறி, 210 பாஸ்கல் நிலையழுத்தத் தடையை எதிர்த்து வினாடிக்கு 900 லிட்டர் காற்றைத் தள்ள வேண்டும்." இந்த வாக்கியத்தைப் படித்தவர் கடையில் போய் 900 என்று மட்டும் கேட்கமாட்டார். "210 பாஸ்கல் வரும்போது இது எவ்வளவு தள்ளும்?" என்று கேட்பார், கடைக்காரர் விசிறியின் வளைகோட்டுப் படத்தை எடுத்துக் காட்ட வேண்டிவரும்.

குறிப்பில் 'டோட்டல் ஸ்டேட்டிக்' என்றும் 'டோட்டல் பிரஷர்' என்றும் வருகிறது. இரண்டும் 'மொத்த அழுத்தம்' தானே?

இரண்டும் வேறு. 'மொத்த அழுத்தம்' என்பது ஒரே இடத்தில் நிலையழுத்தத்தையும் வேக அழுத்தத்தையும் கூட்டி வருவது. சாதாரண அடர்த்தியுள்ள காற்றில் வேக அழுத்தத்தைப் பாஸ்கலில் இப்படிக் கணக்கிடலாம். இதில் `v` என்பது வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம்:

```
Pv = 0.6 × v²
```

விசிறியின் வெளிவாயில் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்றால் வேக அழுத்தம் 15 பாஸ்கல். விசிறியின் நிலையழுத்தம் 210 என்றால் அதன் மொத்த அழுத்தம் 225.

'டோட்டல் ஸ்டேட்டிக்' என்று பொறியாளர்கள் எழுதுவது பெரும்பாலும் வழியில் உள்ள தடைகளைக் கூட்டிய தொகையை. எங்கள் குறிப்பில் அது இப்படி வந்தது: வெளிக்காற்று நுழையும் சட்டத்தில் 20, அழுக்கேறிய வடிகட்டியில் 120, தலைமைக் குழாயின் உராய்வில் 8, வளைவு முதலியவற்றில் 25, கிளைக்குழாயில் 12, முழுக்கத் திறந்த டேம்பரில் 5, காற்று வெளிவரும் முகப்பில் 20, கூட்டினால் 210. இதை 'நிலையழுத்தக் கூட்டுத்தொகை' என்று எழுதுகிறேன். 'மொத்த அழுத்தம்' என்று எழுதியிருந்தால், விவரம் தெரிந்த விசிறி வியாபாரி ஒருவர் அதிலிருந்து 15ஐக் கழித்துவிட்டு 195க்கு விசிறி தேடுவார். சொல்லை நம்பித்தான் அவர் அப்படிச் செய்வார்.

இந்தப் பட்டியலை நான் கணக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் தமிழ்ப்படியிலும் சேர்த்தேன். 210இல் 120 வடிகட்டிக்கே போகிறது என்பது மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவருக்குத் தெரிந்தால், அதை ஏன் கழுவ வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியிருக்காது.

நிலையழுத்தத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட்டிருக்கிறார்கள். அது அச்சுப் பிழையா?

பிழையில்லை. விசிறி இழுக்கும் பக்கத்தில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே போகும். 'குறைந்த அழுத்தம் 60' என்று தமிழில் எழுதினால் கூட்டல் குறியுள்ள சிறிய எண்ணாகப் படிக்கப்படும். "வெளிக்காற்றைவிட 60 பாஸ்கல் கீழே, அதாவது −60" என்று குறியையும் சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள். அழுத்தமானியின் திரையிலும் `-60 Pa` என்றுதான் தெரியும். வேக அழுத்தத்துக்கு ஒருபோதும் கழித்தல் குறி வராது. அங்கே குறி தெரிந்தால் கருவியின் இரண்டு குழாய்களையும் மாற்றிச் செருகியிருக்கிறார்கள் என்று பொருள்.

டேம்பருக்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது ஏன் 'டேம்பர்' என்றே எழுதுகிறீர்கள்?

அகராதியில் கிடைக்கும் 'தணிப்பான்' என்பது அதிர்வைத் தணிக்கும் பொருளுக்கு உரியது. காற்றுக்குழாய்க் குறிப்பிலேயே விசிறிக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தாங்கிகளும் வரும். ஆகவே 'தணிப்பான்' என்று எழுதினால் அதை விசிறிக்கு அடியில் தேடுவார்கள். 'தடுப்பி' என்றால் மூடியே இருக்கும் பொருள் போலத் தோன்றும். 'காற்றுமடல்' அழகான சொல். ஆனால் எங்கள் பட்டறையில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. தகரம் மடிப்பவர், கடைக்காரர், பொறியாளர் மூவருமே 'டேம்பர்' என்கிறார்கள். அந்தப் பொதுச்சொல்லை எடுத்துவிட்டு நமது சொல்லை வைப்பதால் வேலை தெளிவாவதில்லை.

தமிழ் செய்ய வேண்டிய வேலை அதன் அடைமொழியில் இருக்கிறது. இந்தக் குறிப்பில் மூன்று வகை டேம்பர்கள் வருகின்றன. ஆங்கிலச் சுருக்கெழுத்துகளை மட்டும் வைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். 'விசிடி' என்று வரைபடத்தில் வருவதை 'பாய்வளவு டேம்பர்' என்று எழுதுகிறேன். இது கைப்பிடியால் உள்ளிருக்கும் தகட்டைத் திருப்பி ஒரு கிளைக்குப் போகும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படுவது. விசிறி நின்றவுடன் காற்று திரும்பி ஓடாமல் தன் எடையாலேயே மூடிக்கொள்வதைத் 'திரும்பு காற்று டேம்பர்' என்கிறேன். சுவரைத் துளைத்துக் குழாய் போகும் இடத்தில் இருப்பது 'தீ டேம்பர்'. முதல்முறை வரும்போது ஒவ்வொன்றுக்கும் வரைபடக் குறியீட்டையும் பக்கத்தில் கொடுத்துவிட்டால், தமிழ்ப்படியும் வரைபடமும் ஒன்றோடொன்று பேசும்.

தீ டேம்பரைத் 'தீயணைப்பான்' என்று குழுவினர் சொல்கிறார்கள். திருத்த வேண்டுமா?

கட்டாயம் திருத்துங்கள். அது எதையும் அணைப்பதில்லை. குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் ஒரு சிறு உலோக இணைப்பு அதன் தகடுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் குறிப்பில் அது 72 டிகிரி செல்சியஸ். சூடு அந்த அளவைத் தொட்டதும் இணைப்பு விட்டுப்போய், தகடுகள் விழுந்து சுவரில் உள்ள துளையை அடைக்கும். தீ அடுத்த அறைக்குப் போவதைத் தாமதப்படுத்துவதே அதன் வேலை.

தமிழ்ப்படியில் இங்கே இரண்டு வரிகள் விடுபடவே கூடாது. ஒன்று, இதைக் கொண்டு பாய்வளவைக் குறைக்கக் கூடாது. இன்னொன்று, அதை அடைந்து பார்க்கவும் மறுபடி தூக்கிக் கட்டவும் குழாயில் ஒரு சிறு கதவு இருக்க வேண்டும். இரண்டாவது வரி ஒரு தமிழ்ப்படியில் 'பராமரிப்பு வசதி செய்யப்படும்' என்று சுருக்கப்பட்டிருந்தது. பட்டறைக்காரர் கதவு வெட்டவில்லை; கூரைக்குள் தகரம் மூடிய பின் வெட்ட வேண்டிவந்தது.

'ஓப்பன்', 'குளோஸ்' என்பதைத் 'திறந்த', 'மூடிய' என்று எழுதுவதில் என்ன சிக்கல்?

டேம்பர் திறந்தால் காற்று போகும்; மின்சுற்று திறந்தால் மின்சாரம் போகாது. விசிறியோடு மின்சாரத்தால் இயங்கும் டேம்பர் இருக்கும் குறிப்புகளில் இந்த இரண்டு 'திறப்பும்' ஒரே பத்தியில் வரும். மின்சுற்றுக்கு 'துண்டிக்கப்பட்ட', 'இணைக்கப்பட்ட' என்று எழுதி, 'திறந்த', 'மூடிய' என்பவற்றை டேம்பருக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

விழுக்காட்டிலும் ஒரு கண் இருக்கட்டும். '30 விழுக்காடு டேம்பர்' என்று மட்டும் எழுதினால் திறப்பா, மூடலா என்று தெரியாது. எல்லா இடத்திலும் திறப்பையே சொல்லுங்கள்: "30 விழுக்காடு திறந்த நிலை." பாதி திறந்தால் பாதிக் காற்று போகும் என்று வாசகர் எண்ணாதபடி, அந்த எண் கைப்பிடியின் நிலையைத்தான் சொல்கிறது, பாய்வளவைச் சொல்லவில்லை என்ற ஒரு வரியைச் சேர்ப்பதும் நல்லது. கைப்பிடி குழாயின் நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்பது வழக்கம். ஏணியில் ஏறியவர் கூரை இருட்டில் கையால் தடவிப் பார்த்தே அதை அறிந்துகொள்வார்.

கடைசிப் பக்கத்தில் 'பேலன்சிங்' என்று இருக்கிறது. மூன்று கிளைகளுக்கும் காற்றைச் சமமாகப் பிரிக்கச் சொல்கிறார்களா?

இல்லை. இந்தக் கேள்வி எழுவதற்கே 'சமப்படுத்துதல்' என்ற தமிழாக்கம்தான் காரணம். அப்படி எழுதிய ஒரு படியை வைத்துக்கொண்டு ஓர் உழைப்பாளி மனிதர் அரை நாள் ஏணியில் நின்று மூன்று கிளைகளிலும் 300, 300, 300 என்று கொண்டுவந்துவிட்டார். அவர் செய்தது எழுதியபடியே மிகச் சரியான வேலை. ஆனால் பந்தி நடக்கும் கூடத்துக்கு 700 போக வேண்டிய இடத்தில் 600 போனது. இரண்டு பேர் உட்காரும் ஒப்பனை அறைக்கு 200க்குப் பதில் 300 போய் முகப்பு விசில் அடித்தது.

மூலம் கேட்பது, ஒவ்வொரு கிளையும் தனக்குக் குறித்த அளவைப் பெற வேண்டும் என்பது. 'பாய்வளவைச் சரிக்கட்டுதல்' என்று எழுதுங்கள். 'சரிக்கட்டு' என்பது நம் வீட்டுச் சொல். குறித்த அளவுக்குக் கொண்டுவருவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

சொல்லை மாற்றுவதோடு நில்லாமல் முறையையும் தமிழில் விரித்து எழுத வேண்டும். சரியான விசிறியை மாட்டிய பிறகு அந்த மண்டபத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் எல்லாப் பாய்வளவு டேம்பர்களையும் முழுக்கத் திறந்து அளந்தோம். கிழக்கில் 350க்குப் பதில் 420 வந்தது. அது குறித்த அளவில் 120 விழுக்காடு. மேற்கில் 385, அதாவது 110 விழுக்காடு. ஒப்பனை அறையில் 200க்குப் பதில் 140, 70 விழுக்காடு மட்டுமே. மொத்தம் 945, விசிறியில் குறையில்லை, பங்கீட்டில்தான் குறை.

இப்போது தொடக்கூடாத டேம்பர் எது என்பதே கேள்வி. விழுக்காட்டில் மிகப் பின்தங்கிய கிளையின் டேம்பர் முழுக்கத் திறந்தபடியே இருக்க வேண்டும். இங்கே அது ஒப்பனை அறை. முதலில் கிழக்கு டேம்பரையும், பிறகு மேற்கு டேம்பரையும் சிறிது சிறிதாகச் சாத்தச் சாத்த, அங்கே போக வழியில்லாத காற்று ஒப்பனை அறைக்குத் திரும்பியது. அதன் டேம்பரைத் தொடாமலே 140 மெல்ல ஏறியது. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் மாறுவதால் ஒவ்வொரு முறையும் மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும். மூன்று சுற்றில் மூன்றும் குறித்த அளவின் 10 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டன. கைப்பிடியைத் திருகாணியால் இறுக்கி, அதன் நிலையைத் தகரத்தின்மேல் மையால் கோடிட்டோம்.

மூலத்தில் உள்ள 'கூட்டல் கழித்தல் 10 விழுக்காடு' என்பதையும் பிரித்து எழுதுங்கள். அது அந்தந்தக் கிளையின் அளவில் 10 விழுக்காடு: 350 உள்ள கிளை 315 முதல் 385 வரையும், 200 உள்ள அறை 180 முதல் 220 வரையும் இருக்கலாம். மொத்தப் பாய்வில் 10 விழுக்காடு என்று கொண்டால் 90 லிட்டர் ஆகிவிடும். ஒப்பனை அறை 110லேயே தேறிவிடும்.

'ஷல்', 'ஷுட்', 'மே' என்ற வேறுபாட்டைத் தமிழில் எப்படிக் காப்பது?

'வேண்டும்', 'வேண்டுமெனப் பரிந்துரைக்கப்படுகிறது', 'செய்யலாம்'. மூன்றையும் முகப்புப் பக்கத்தில் விளக்கிவிட்டு வேறு எந்த வடிவத்தையும் கலக்காதீர்கள். 'செய்யப்படும்' என்று முடிக்கும் பழக்கத்தை மட்டும் அறவே விடுங்கள். யார் செய்வார் என்பது அதில் மறைந்துபோகிறது. மேலே சொன்ன கதவு அப்படித்தான் விடுபட்டது.

'டக்ட்' என்பதற்குக் 'காற்றுக்குழாய்' சரியா? குழாய் என்றால் உருண்டையாக அல்லவா இருக்கும்?

சரிதான், முதல்முறை மட்டும் 'தகரத்தால் செய்த காற்றுக்குழாய்' என்று எழுதுங்கள். அளவைத்தான் கவனிக்க வேண்டும். வரைபடத்தில் 450 × 400 என்று இருந்தால் முதல் எண் அந்தப் படத்தில் நமக்குத் தெரியும் பக்கம். மேலிருந்து பார்க்கும் படத்தில் அது அகலம். பத்தியில் எழுதும்போது "அகலம் 450, உயரம் 400" என்றே எழுதிவிட்டால், உத்திரத்துக்கு அடியில் 420 இடைவெளிதான் இருக்கிறது என்பதைத் தகரம் வெட்டுவதற்கு முன்பே பட்டறைக்காரர் யோசிப்பார். உள்ளளவா, வெளியளவா என்பதையும் மூலத்தைப் பார்த்து எழுதுங்கள். வெப்பக்காப்பு ஒட்டினால் இரண்டுக்கும் வித்தியாசம் வரும்.

தமிழ்ப்படி சரியா என்று யாரிடம் காட்டிப் பார்ப்பது?

பொறியாளரால் தமிழ் படிக்க முடிந்தால் அவரிடம். முடியாவிட்டால், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்ப்படியைக் கொடுத்து, அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ வாய்விட்டுச் சொல்லச் செய்து, நீங்கள் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் கூடுதலாக இன்னொன்றும் செய்கிறேன். "நன்றாகப் புரிகிறதா அண்ணே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "கடையில் போய் என்ன கேட்பீர்கள்? எந்த டேம்பரைத் தொடமாட்டீர்கள்?" என்று பட்டறைக்காரரிடம் கேட்கிறேன். புரிகிறதா என்றால் மரியாதைக்காக எல்லாரும் ஆமாம் என்பார்கள். என்ன செய்வீர்கள் என்றால்தான் சொல்லில் உள்ள பிழை வெளியே வரும். மேலே சொன்ன 300, 300, 300 கதையை ஒரு கேள்வியில் தடுத்திருக்கலாம்.

தமிழ்ப்படியும் மூலமும் முரண்பட்டால் எது செல்லும்?

மூலம்தான். பொறியாளர் கையொப்பமிட்டதும், நகராண்மைக் கழகத்துக்கும் தீயணைப்புத் துறையான பொம்பாவுக்கும் போவதும் அதுவே. இதைத் தமிழ்ப்படியின் முதல் வரியாக எழுதி, எந்தத் திருத்தப் பதிப்பிலிருந்து தமிழாக்கினீர்கள் என்பதையும் அதன் தேதியையும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடுங்கள். பொறியாளர் 210ஐ 230ஆக மாற்றி அனுப்பும் நாளில், பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாளை எடுக்க வேண்டும் என்று அந்தத் தேதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.